வாய்விட்டுப் படிக்கிறவர்களுக்கான துணைத்தலைப்பு

சிவகாசி அச்சகங்களில் மெய்ப்புப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மறுபடி திறக்கும்வரை ஊர்ப்பக்கம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நாள்களில் சுற்றுக் கிராமங்களில் உரிய அனுமதியோடு குழந்தைகள் படம் திரையிடுகிற நண்பர்களுக்காகத் தமிழ்த் துணைத்தலைப்பு தயாரித்துக் கொடுக்கிறேன். அவற்றில் எனக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்த படம் மஜித் மஜிதி 1997இல் எடுத்த பாரசீகப் படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணனும் அந்தத் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிற கதை.

எனக்குப் பாரசீகம் தெரியாது. ஆங்கிலத் துணைத்தலைப்புக் கோப்பிலிருந்துதான் மொழிபெயர்க்கிறேன். அதனால் மொழிபெயர்ப்பைத் தொடுவதற்கு முன்னால், அந்தக் கோப்பு கையிலிருக்கும் படப் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவேன். படத்தின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஓடவிட்டாலே விஷயம் தெரிந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிந்தினால் எல்லாவற்றையும் மொத்தமாக நகர்த்தினால் போதும். விஎல்சியில் G, H விசைகளைத் தட்டியே எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், பிரேம் வேகம் வேறு என்று அர்த்தம். நொடிக்கு 25 பிரேம் ஓடும் பிரதிக்குச் செய்த கோப்பை 23.976 பிரேம் ஓடும் பிரதியில் போட்டால், பத்து நிமிடத்திலேயே சுமார் 25 நொடி முந்திக்கொள்ளும். அதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. Subtitle Edit மென்பொருளில் Change frame rate கொடுத்து நீட்ட வேண்டும். இதை முடிக்காமல் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதே தெரியாது. அந்த நேரம்தான் மொழிபெயர்ப்பின் நீளத்தை முடிவுசெய்கிறது.

எங்கள் திரையிடலில் பாட்டிகள் நிறையப் பேர் உட்காருவார்கள். பலருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற பேத்தியோ பேரனோ எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்துச் சொல்லும். ஆகவே என் கணக்கு கண்ணின் வேகத்தில் இல்லை, அந்தப் பிள்ளையின் வாயின் வேகத்தில் இருக்கிறது. நொடிக்குப் பத்து எழுத்து; அதற்கு மேல் போகவிடுவதில்லை. பெரியவர்கள் மட்டும் பார்க்கிற படம் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வரை போகலாம்.

எழுத்து என்று நான் சொல்வது நம் பள்ளிக்கூடத்து எழுத்து. மென்பொருளின் எண்ணிக்கை வேறு. யூனிகோடில் ‘பு’ என்பது ப ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளியும் தனியாகக் கணக்கில் வரும். ‘செருப்பு’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு. ஆங்கிலத்துக்கு வகுத்த வரம்பை மென்பொருளில் அப்படியே விட்டுவைத்தால் தமிழில் நல்ல வரிகள்கூடச் சிவப்பாக மாறும். அதற்குப் பயந்து வெட்ட ஆரம்பித்தால் வசனம் தந்தி மாதிரி ஆகிவிடும். சிவப்பைப் பார்க்காமல் எழுத்தை எண்ணுங்கள்.

படத்தில் ஓர் இரவுக் காட்சி. அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் அண்ணனும் தங்கையும் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல நோட்டில் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். காதில் ஒரு பேச்சு, கண்ணில் இன்னொரு பேச்சு. இரண்டையும் மொழிபெயர்த்துப் போட்டால் ஒன்றையும் படிக்க முடியாது. நோட்டில் இருப்பதுதான் கதை. அப்பா குரலின் ஏற்ற இறக்கமே அவர் கண்டிப்பானவர் என்று காட்டிவிடுகிறது. ஆகவே நோட்டு திரையில் இருக்கும்வரை அப்பாவின் பேச்சை விட்டுவிட்டேன். நோட்டு நகர்ந்து அவர் முகம் வந்ததும் மறுபடி கொடுத்தேன்.

அந்த நோட்டில் தங்கை கேட்பதை முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘நாளைக்கு நான் எப்படி பள்ளிக்கூடம் போவேன்? செருப்பு இல்லையே.’ இடைவெளியை விட்டு எண்ணினால் 28 எழுத்து. என் பிரதியில் அந்த வரிக்குக் கிடைத்தது இரண்டரை நொடி. 25 எழுத்துக்கு மேல் இடமில்லை. ‘நாளைக்கு’ தேவையில்லை, பார்ப்பவருக்கே தெரியும். ‘நான்’ என்பதை ‘போவேன்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. கடைசியில் நின்றது இது:

```
112
00:11:04,200 --> 00:11:06,700
<i>செருப்பு இல்லாமல்
எப்படிப் பள்ளிக்குப் போவேன்?</i>
```

23 எழுத்து. இதையே மென்பொருள் இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து 45 என்று எண்ணும். சாய்வெழுத்து, இது எழுதியது, பேசியது அல்ல என்பதற்காக. வரியை ‘இல்லாமல்’ என்பதற்குப் பிறகு உடைத்ததற்கும் காரணம் உண்டு. மூச்சு அங்கேதான் நிற்கும். பெயரடையை ஒரு வரியிலும் பெயரை அடுத்த வரியிலும் விட்டால் படிக்கிற பிள்ளை தடுக்கி நின்றுவிடும். ‘போய்’ மேலே, ‘விட்டான்’ கீழே என்பதும் அப்படித்தான்.

நீண்ட வாக்கியம் இரண்டு அட்டைகளில் பிரிந்து வரும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலக் கோப்பில் முதல் அட்டையில் ‘அப்பாவிடம் சொல்லிவிடுவேன்’ என்றும் அடுத்ததில் ‘செருப்பு கிடைக்காவிட்டால்’ என்றும் பொருள்பட இருக்கும். தமிழில் இது தலைகீழ். அட்டைக்கு அட்டை பெயர்த்தால் வாக்கியம் நொண்டும். பாரசீகமும் பெரும்பாலும் நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிற மொழி என்பது இங்கே பெரிய உதவி. நிபந்தனையை முன்னால் போட்டுத் தமிழ் வரிசைக்குத் திரும்பினால், பல இடங்களில் நடிகர் குரலை உயர்த்துகிற கணமும் நம் வினைமுற்று வருகிற கணமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே இரண்டு அட்டைகளையும் ஒரே வாக்கியமாக எடுத்துக்கொண்டு, படத்தைக் கேட்டுவிட்டு, அதன்பின் பிரிப்பேன்.

எவ்வளவு சின்னச் சொல்லானாலும் ஒரு நொடிக்குக் குறையாமல் திரையில் நிற்க வேண்டும். ஏழு நொடிக்கு மேல் நின்றால் படித்தவர்களே மறுபடி படிப்பார்கள். காட்சி வெட்டுப்பட்ட பிறகும் பழைய வரி தொங்கினால் கண் அதைப் புதிய வரி என்று நினைத்துத் திரும்பப் போகும். வெட்டு விழுகிற இடத்திலேயே வரியை முடித்துவிடுவேன். அடுத்தடுத்த அட்டைகளுக்கு நடுவே இரண்டு பிரேமாவது காலியாக விடுவேன். அந்தச் சிமிட்டல் இல்லாவிட்டால் வரி மாறியதே தெரியாது.

எங்கள் ஊர் டிடிபி நண்பர்கள் தட்டச்சு செய்து தர முன்வரும்போது நான் முதலில் கேட்பது எழுத்துருவைத்தான். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது துணைத்தலைப்பில் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, UTF-8 ஆகச் சேமிக்க வேண்டும். மாற்றிய பிறகு கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வருகிற சொற்களை மட்டுமாவது ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ‘பொ’, ‘கோ’ உடைவது அங்கேதான்.

திரையிடுகிற இடத்து மடிக்கணினி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக எழுத்தைப் படத்தோடே பதித்து ஒரு பிரதி எடுத்துவிடுவேன்:

```
ffmpeg -i padam.mp4 -vf subtitles=tamil.srt -c:a copy pathippu.mp4
```

பதித்த பிறகு திருத்த முடியாது. ஆகவே அதற்கு முன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தை ஓடவிட்டு, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவேன். எந்த வரியை முடிக்கும் முன் அது மறைந்ததோ அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொள்வேன். பல சமயம் அந்த வரி எழுத்துக் கணக்கில் சரியாகவே இருக்கும். பழக்கமில்லாத பெயர் ஒன்றோ, பேச்சு வழக்கை அப்படியே எழுதிய ஒரு சொல்லோ தடுத்திருக்கும். அந்தச் சொல்லை எளிய எழுத்து வழக்குக்கு மாற்றினால் நேரத்தைத் தொடாமலே பிள்ளை படித்து முடித்துவிடும்.