நூலக நன்கொடைக் கடிதம்: அச்சுக்குப் போகுமுன்

முன்னாள் மாணவர்களுக்கு அனுப்பப் பள்ளி நூலகத்துக்கான நன்கொடைக் கடிதம் எழுதியாயிற்றா? முதல் பத்தியை வாசித்துப் பாருங்கள். "அறிவுக்கண் திறக்க உதவுங்கள்" என்று தொடங்கினால் அடித்துவிடுங்கள். எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் வரி யாரையும் தொடாது. "எங்கள் ஆறாம் வகுப்பு மாணவி ஒரே கதைப்புத்தகத்தை மூன்றாம் முறையாக எடுத்துப் போகிறாள், அவள் வாசிக்கக்கூடியவை அலமாரியில் பதினொன்றுதான்" என்பது போல, உண்மையில் நடந்த ஒன்றை எழுதுங்கள். குழந்தையின் பெயரும் படமும் வேண்டாம். இரக்கத்தைக் கிளற அவளைக் காட்சிப்பொருளாக்குவது தவறு.

அடுத்து, தொகை. "தாராளமாகத் தாருங்கள்" என்றால் எவ்வளவு தருவதென்று தெரியாமல் பலர் தள்ளிப்போடுவார்கள். கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள்: சராசரி 120 ரூபாயில் 300 புத்தகங்களுக்கு 36,000, இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு 18,000, பைண்டிங், பதிவேடு, ஒட்டுச்சீட்டுக்கு 6,000, மொத்தம் 60,000 ரூபாய். அப்போது 600 ரூபாய் தருபவருக்கு அது ஐந்து புத்தகம் என்று புரியும். விலைகளைக் கடையில் கேட்டு எழுதுங்கள்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: 40,000தான் சேர்ந்தால்? "ஓர் அலமாரி, 225 புத்தகங்கள், மீதி 4,000 பைண்டிங் முதலியவற்றுக்கு" என்று முன்பே சொல்லிவிடுங்கள். மிஞ்சினால் என்ன வாங்குவீர்கள் என்பதையும் எழுதுங்கள். பணம் தனிநபரின் கணக்குக்குப் போகக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கு எண்ணைக் கொடுங்கள். ரசீது யார் தருவார், பில்களின் நகல் எந்தத் தேதியில் அறிவிப்புப் பலகைக்கு வரும் என்பதும் கடிதத்திலேயே இருக்கட்டும்.