கோவை ஒன்றுதான், ஃபைல் இரண்டு

மேக் கணினியில் தயாரித்த விலைப்பட்டியல்களை ஊர்ப்பெயரிட்டு லினக்ஸ் சர்வரில் ஏற்றுகிறீர்கள். பில்லிங் மென்பொருள் ஊர்ப்பெயரை வைத்துத்தான் ஃபைலை எடுக்கும். திருப்பூர், கரூர், நாமக்கல் சரியாகத் திறக்கின்றன. கோவை, ஈரோடு, பொள்ளாச்சி மட்டும் ‘ஃபைல் இல்லை’ என்று வருகின்றன. ஃபோல்டரில் பார்த்தால் மூன்றும் இருக்கின்றன! அட்மினைக் குறைசொல்லும் முன், சிக்கிய ஊர்ப்பெயர்களைப் படித்துப் பாருங்கள். மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது.

‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். முழுக் குறிக்கும் சேர்த்து U+0BCB என்ற ஒரே எண் உண்டு. இரட்டைக்கொம்புக்கு U+0BC7, துணைக்காலுக்கு U+0BBE என்று பிரித்தும் எழுதலாம். இரண்டும் முறையானவைதான், திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் ‘கோவை’ சேர்த்து எழுதினால் 12 பைட், பிரித்து எழுதினால் 15 பைட். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. திருப்பூருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஊகாரக் குறி பிரியாது.

மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017-இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. அதனால் மேக்கில் இருக்கும்வரை சிக்கல் வெளியே தெரியாது. லினக்ஸின் வழக்கமான ஃபைல் அமைப்புகள் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். அங்கே இவை இரண்டு வேறு பெயர்கள்.

சர்வரில் இப்படிச் சோதியுங்கள்:

```
ls *வை.pdf | xxd -g1
```

`e0 af 8b` என்று வந்தால் சேர்ந்த வடிவம். `e0 af 87 e0 ae be` என்று வந்தால் பிரிந்த வடிவம். ஒரே ஃபோல்டரில் இரண்டும் இருந்தால், யாரோ ‘காணோம்’ என்று மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். எது புதியது என்று திறந்து பார்த்து, பழையதை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

மாற்றுவதற்கு convmv போதும்:

```
convmv -f utf8 -t utf8 --nfc -r விலைப்பட்டியல்
```

இது என்ன மாறும் என்று காட்டுமே தவிர எதையும் மாற்றாது. பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகு `--notest` சேர்த்து ஓட்டுங்கள். அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் அந்த ஃபைலைத் தொடாமல் விட்டுவிடும், அதையும் கவனியுங்கள். டேட்டாபேஸில் உள்ள ஊர்ப்பெயர்களும் சேர்ந்த வடிவத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இத்தனையும் வீண்.

இந்தக் கருவி திருத்தாத பிழை ஒன்று உண்டு. ‘கௌசிகா’ என்று எழுத, கெ போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டுபவர்கள் பலர். அது எழுத்துப்பிழை, யூனிகோடுக்கு அது வேறு சொல். கையால்தான் மாற்ற வேண்டும்.

மேக்கிலிருந்து அடுத்த தொகுதி வரும்போது பிரிந்த பெயர்கள் மறுபடி வரலாம். ஆகவே ஃபைல்களை ஏற்றும் ஸ்கிரிப்டிலேயே இந்த மாற்றத்தைச் சேர்த்துவிடுங்கள். அட்மினுக்கு எழுத நேர்ந்தால், ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதிலாக xxd காட்டிய வரியை ஒட்டி அனுப்புங்கள்.