எந்தப் பொருளோடு எந்தப் பொருள்? – கடை பில்லில் ஒரு நிகழ்தகவுப் பாடம்

‘டீத்தூள் வாங்கியவர்களில் 75 விழுக்காட்டினர் பாலும் வாங்கினர்’ என்று கரும்பலகையில் எழுதினால், இவ்விரண்டும் சேர்ந்தே விற்கும் பொருள்கள் என்று மாணவர்கள் உடனே முடிவு செய்வார்கள். அந்த முடிவு சரியா எனச் சோதிப்பதே இப்பாடத்தின் நோக்கம். பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தை முடித்த மாணவர்களுக்கு இது ஒரு பாடவேளைச் செயல்பாடு.

கடைகளின் விற்பனைப் பதிவிலிருந்து ஒன்றாக வாங்கப்படும் பொருள்களைக் கண்டறியும் இம்முறைக்குக் ‘கூடைப் பகுப்பாய்வு’ என்று பெயர். ராகேஷ் அகர்வால் உள்ளிட்ட மூவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு வழிவகுத்தது.

தரவைத் தயார்செய்தல்

மளிகைக் கடையின் பழைய பில்கள் 20 போதும். அவற்றில் பெயரோ கைப்பேசி எண்ணோ இருந்தால் முதலில் அடித்துவிட வேண்டும். பில்லின் ஒவ்வொரு வரியும் ஒரு பொருளைக் குறிக்கும். ஆனால் நமக்கு அலகு வரி அன்று, பில். எனவே ஒரு பில்லுக்கு ஒரு நிரை, ஒரு பொருளுக்கு ஒரு நிரல் என அட்டவணை வரைந்து, பொருள் இருந்தால் 1, இல்லையெனில் 0 இடச் சொல்லுங்கள்.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே பில்லில் பால் இரண்டு வரிகளில் வந்தாலும் 1 என்றே இட வேண்டும். அரை லிட்டர் பாலும் ஒரு லிட்டர் பாலும் ‘பால்’ என்ற ஒரே நிரலில் வர வேண்டும். எந்த நிரலின் கூட்டுத்தொகையும் 20-ஐத் தாண்டினால், வரிகளை எண்ணிவிட்டார்கள் என்று பொருள்.

கணக்கிடுதல்

மாதிரிக்காக அட்டவணையில் கிடைத்த எண்ணிக்கை இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்: பால் 16 பில்களில், டீத்தூள் 8 பில்களில், இரண்டும் சேர்ந்து 6 பில்களில்.

இரண்டும் சேர்ந்து வந்த பங்கு 6/20, அதாவது 30 விழுக்காடு. இதைச் ‘சப்போர்ட்’ என்பர். டீத்தூள் உள்ள பில்களில் பாலும் உள்ளவை 6/8, அதாவது 75 விழுக்காடு. இது ‘கான்ஃபிடன்ஸ்’, மேல்வகுப்பில் வரும் நிபந்தனை நிகழ்தகவுதான் இது.

இப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: டீத்தூளைப் பற்றி எதுவுமே தெரியாவிட்டால், ஒரு பில்லில் பால் இருக்கும் வாய்ப்பு என்ன? 16/20, அதாவது 80 விழுக்காடு. டீத்தூள் வாங்கியவர்களிடம் அது 75 விழுக்காடுதான். பால் எல்லோரும் வாங்கும் பொருள் என்பதால்தான் 75 என்ற எண் பெரிதாகத் தெரிந்தது.

இதை எண்ணிக்கையிலும் காட்டலாம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால், சேர்ந்து வர வேண்டிய பில்கள் 8 × 16 ÷ 20 = 6.4. உண்மையில் வந்தவை 6. உண்மை எண்ணை எதிர்பார்த்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது ‘லிஃப்ட்’. இங்கு ஏறத்தாழ 0.94. அது 1-ஐ ஒட்டி இருந்தால் தொடர்பு இல்லை எனலாம்.

அடுத்து ரவையும் முந்திரியும். ரவை 5 பில்களில், முந்திரி 4 பில்களில், இரண்டும் 3 பில்களில். ரவை வாங்கியவர்களில் முந்திரியும் வாங்கியவர்கள் 60 விழுக்காடுதான், முன்னதைவிடக் குறைவு. ஆனால் எதிர்பார்த்த பில்கள் 5 × 4 ÷ 20 = 1; வந்தவை 3. லிஃப்ட் 3. சேர்த்து வாங்கப்படுவது இந்த இணைதான்.

எச்சரிக்கை

ஊதுபத்தி ஒரே ஒரு பில்லில், பேனா மையும் அதே பில்லில் மட்டும் இருப்பதாகக் கொள்க. எதிர்பார்ப்பு 1 × 1 ÷ 20 = 0.05, லிஃப்ட் 20! ஒருவர் தற்செயலாக வாங்கியதே இதற்குக் காரணம். எனவே குறைந்தது 3 பில்களில் சேர்ந்து வந்தால்தான் கணக்கில் கொள்வது என ஒரு வரம்பு தேவை. இந்த வரம்பு வேலையையும் குறைக்கும். தனியாகவே 3 பில்களை எட்டாத பொருள், எந்த இணையிலும் 3-ஐ எட்ட முடியாது. அதன் நிரலை முதலிலேயே அடித்துவிடலாம். 100 பொருள்களுக்கு 4,950 இணைகள் உண்டு என்பதால் கணினியும் இதையே செய்கிறது. 1994-இல் வந்த ‘அப்ரியோரி’ வழிமுறையின் அடிப்படை இதுதான்.

லிஃப்ட் காரணத்தைச் சொல்லாது. பில்கள் தீபாவளி வாரத்தவை என்றால், ரவையையும் முந்திரியையும் சேர்த்தது பண்டிகையாக இருக்கலாம். வேறொரு மாதத்துப் பில்களில் அதே இணையை மீண்டும் எண்ணிப் பார்ப்பதே சோதனை.

மதிப்பீடு

டீத்தூள் 8, சர்க்கரை 10, இரண்டும் 7 பில்களில் உள்ளன. இவை தொடர்புடையவையா? (விடை: எதிர்பார்ப்பு 4; லிஃப்ட் 1.75. ஆம்.)