அப்பா அம்மாவோட திருமலை: மாத்திரை நேரம் பார்த்து டிக்கெட் போடுங்க

திருத்தணிக்குப் போற நம்ம ஆட்கள் பாதிப்பேர் அப்படியே திருமலையும் சேர்த்துத்தான் பிளான் போடறாங்க. ஒரே ரோடு, ஒரே பயணம். தனியா போனா எப்படியும் சமாளிச்சிடலாம். கூட வர்றது எழுபது வயசு அப்பாவும் முழங்கால் வலி அம்மாவும்னா கணக்கே வேற. இந்தப் பதிவு அவங்களுக்காக.

முதல்ல எந்த டிக்கெட்னு முடிவு பண்ணணும். 65 வயசு தாண்டினவங்களுக்கு மூத்த குடிமக்கள் தரிசனம்னு தனியா ஒண்ணு இருக்கு. பணம் கிடையாது, மதிய நேரத்துல விடுவாங்க, காத்திருப்பு குறைவு. கேட்டதும் எல்லாரும் இதுக்குத்தான் ஓடுவாங்க. ஆனா இதுல பிள்ளைங்க கூடப் போக முடியாது. கணவன் மனைவி ஒருத்தருக்கொருத்தர் துணையா போகலாம், அவ்வளவுதான். உள்ளே செல்போனும் கிடையாது. ரெண்டு பேரும் தெளிவா நடமாடறவங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்கன்னா தாராளமா இதைப் போடுங்க. அப்பாவுக்கு மறதி இருக்கு, அம்மாவுக்குப் படியில இறங்கக் கை பிடிக்கணும்னா வேண்டாம். 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துல நீங்களும் கூட நின்னு போறதுதான் சரி. ஒரே புக்கிங்ல ஆறு பேர் வரைக்கும் சேர்க்கலாம், எல்லாருக்கும் ஒரே நேரம் விழும்.

டிக்கெட் கிடைக்கிறது ttdevasthanams.ap.gov.in தளத்துலதான். கூகுள்ல தேடினா இதே மாதிரி பேர்ல போலித் தளங்களும் வரும். அதனால முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க. இப்போ இருக்கிற வழக்கப்படி மூணு மாசம் முன்னாடியே கோட்டா திறப்பாங்க. நவம்பர்ல போகணும்னா ஆகஸ்ட்லயே உட்காரணும். மூத்த குடிமக்கள் டிக்கெட் பொதுவா 23ஆம் தேதி மதியம் 3 மணிக்கு, 300 ரூபாய் டிக்கெட் 24ஆம் தேதி காலை 10 மணிக்கு, அதே நாள் மதியம் 3 மணிக்கு ரூம். தேதி சில மாசம் நகரும். அந்த வாரத்துல தளத்துல வர்ற அறிவிப்பை ஒரு தடவை பார்த்துக்குங்க.

பத்து மணிக்குள்ள நுழைஞ்சா ஒரு காத்திருப்புப் பக்கம் வரும். அது நம்மளை வரிசையில நிறுத்தியிருக்குன்னு அர்த்தம். அங்கே ரிஃப்ரெஷ் அடிச்சா வரிசையில இருந்த இடம் போக வாய்ப்பு உண்டு. சும்மா விட்டுட்டு டீ குடிங்க. உள்ளே விட்டதும் நேரம் ஓட ஆரம்பிச்சிடும், அதனால எல்லார் பேரு, வயசு, ஆதார் எண்ணையும் முன்னாடியே ஒரு நோட்ல டைப் பண்ணி வெச்சு அப்படியே ஒட்டுங்க. பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், ஏன்னா நுழையும்போது ஒரிஜினல் ஆதாரோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலைன்னா உடனே இன்னொரு தடவை கட்டாதீங்க. முதல்ல புக்கிங் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்க, பல நேரம் டிக்கெட் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். போட்ட டிக்கெட்டை கேன்சல் பண்ணவோ வேற ஆள் பேருக்கு மாத்தவோ முடியாது.

இப்போ முக்கியமான விஷயம். டிக்கெட்ல இருக்கிற நேரம் வரிசையில நுழையற நேரம், தரிசனம் ஆகற நேரம் இல்ல. சாதாரண வார நாள்லயே நுழைஞ்சதுல இருந்து வெளியே வர ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம். கூட்டம் இருந்தா இன்னும் இழுக்கும். அதனால எந்த நேரம் காலியா இருக்குன்னு பார்த்து கிளிக் பண்ணாதீங்க, அப்பா எப்போ சாப்பிடறார், எப்போ மாத்திரை போடறார்னு பார்த்துப் பண்ணுங்க.

ஒரு வீட்டை எடுத்துக்குவோம். அப்பாவுக்கு 72, சுகர் மாத்திரை, கொஞ்சம் மறதி. அம்மாவுக்கு 67, முழங்கால் வலி. மறதி இருக்கிறதால 300 ரூபாய் டிக்கெட்தான், மகனும் கூட. அப்பா காலை எட்டுக்கும் மதியம் ஒன்றரைக்கும் சாப்பிடறவர். 12 மணி நேரத்தை எடுத்தா மதியச் சாப்பாட்டு வேளை முழுக்க வரிசையில போயிடும், சுகர் இறங்கி உள்ளேயே தலை சுத்தலாம். 9 மணின்னா ஏழரைக்கு டிபன், மாத்திரை, எட்டே காலுக்கு டாய்லெட் போயிட்டு வரிசைக்கு. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு வெளியே வந்தா வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்துல சாப்பிட்டுடலாம். கொஞ்சம் தாமதமானாலும் சமாளிக்கலாம். அப்படியும் ஒரு சின்னப் பொட்டலத்துல பிஸ்கட், மதிய மாத்திரை, ஒரு மிட்டாய் அம்மா கிட்ட இருக்கட்டும்.

காலை 9 மணின்னா முந்தின ராத்திரியே மேலே தங்கிடணும். அன்னிக்குக் காலையில மலைப்பாதை வளைவுல வந்து, வாந்தி எடுத்து, அப்புறம் வரிசையில நிக்கிறது வயசானவங்களுக்கு ஆகாது. சென்னையில இருந்து காலை ஆறுக்குக் கிளம்பினா ஒன்பது வாக்கில திருத்தணி. அங்கே வண்டி மலை மேலேயே போகும், 365 படி ஏற வேண்டாம். தரிசனம், சாப்பாடு, கொஞ்ச நேரம் ஓய்வு, சாயங்காலத்துக்குள்ள திருமலை. அலிபிரி சோதனைச் சாவடியில எல்லாரும் இறங்கணும், பையெல்லாம் ஸ்கேன் ஆகும். கனமான பெட்டியை அம்மா தூக்கற மாதிரி வெச்சுடாதீங்க. மேலே ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க. ரூமை யார் பேர்ல புக் பண்ணீங்களோ அவரே ஆதாரோட இருக்கணும்.

உடை விஷயத்துல ஆம்பளைங்களுக்கு வேட்டி சட்டை, இல்லன்னா குர்தா பைஜாமா. பொம்பளைங்களுக்குப் புடவை, தாவணி, துப்பட்டாவோட சுடிதார். ஜீன்ஸ், டி-ஷர்ட், ஷார்ட்ஸ் எல்லாம் ரூம்லயே இருக்கட்டும். அப்பாவுக்கு வெல்க்ரோ வெச்ச ஒட்டிக்கோ வேட்டி வாங்கிக் குடுங்க. வரிசை நடுவுல டாய்லெட் போக வேண்டி வந்தா அதோட அருமை தெரியும். அம்மா பட்டுப்புடவைதான் கட்டுவேன்னு சொல்வாங்க. நெரிசல்ல வேர்த்துக் கொட்டும், கொசுவம் காலுல மாட்டும். பருத்திப் புடவைக்குச் சம்மதிக்க வைக்கிறது உங்க சாமர்த்தியம். செருப்பை ரூம்லயே விட்டுட்டு வந்தா திரும்பி வந்து தேடற வேலை மிச்சம்.

போன் டெபாசிட்ல போயிடும். அதனால ஒரு பேப்பர்ல உங்க நம்பர், ரூம் நம்பர், அப்பா போடற மாத்திரை பேரு எழுதி ரெண்டு பேர் பையிலயும் வெச்சுடுங்க. பிரிஞ்சுட்டா எங்க நிக்கணும்னு முந்தின சாயங்காலமே அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, வாயால சொன்னா அந்தக் கூட்டத்துல ஞாபகம் வராது. லட்டு வாங்கறதுக்கு அவங்களையும் இழுத்துட்டுப் போக வேண்டாம், நிழலா ஒரு இடத்துல உட்கார வெச்சுட்டு நீங்க போயிட்டு வாங்க.

நாள் தேர்வு பத்தி ஒண்ணே ஒண்ணு. சனி, ஞாயிறு, புரட்டாசி சனிக்கிழமை எல்லாம் தவிர்த்துடுங்க. பிரம்மோற்சவ நாட்கள்ல மூத்த குடிமக்கள் தரிசனத்தையே நிறுத்திடுவாங்க. செவ்வாய், புதன் மாதிரி வார நாள்ல, பள்ளி லீவு இல்லாத வாரமா பார்த்து, ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவு இப்பவே போட்டுடுங்க.