முதலில் கையைப் பாருங்கள், பிறகு கன்ட்ரோலரைப் பாருங்கள்

என் வலது கை தோளிலிருந்து அசையும், முழங்கையால் அழுத்தமும் கொடுக்கும். விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. பைக் விபத்தில் தோள்பட்டை நரம்புகள் அறுந்த பிறகு மிஞ்சியது இவ்வளவுதான். இடது கையில் குறை ஒன்றுமில்லை. இந்த நிலையில் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல் கார் ஓட்டுகிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ இதுபோல் ஏற்பாடு செய்ய நினைத்தால், பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் முக்கியமான விஷயம். எடுத்த எடுப்பில் பெரிய கன்ட்ரோலர் பெட்டியை வாங்காதீர்கள்.

முதலில் ஒரு தாளில் எந்த அசைவு நம்பகமானது என்று எழுதுங்கள். முழங்கையா, கட்டைவிரலா, முட்டியா, பாதமா? ஒருமுறை அழுத்த முடிவது ஒரு கணக்கு. அரை மணி நேரம் கழித்தும் அழுத்த முடிவது வேறு கணக்கு. விளையாட்டில் இரண்டாவதுதான் உதவும். அழுத்துவதைப் போலவே விடுவதையும் பாருங்கள். என் முழங்கை அழுத்தும்போது துல்லியமாக இருக்கிறது, விடும்போது தாமதிக்கிறது. அதனால் பிரேக்கை அதற்குக் கொடுக்கவில்லை. இதைத் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டுங்கள். நம் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகப் போய்விடலாம்.

அடுத்தது செலவே இல்லாத பகுதி. என்னிடம் ஏற்கெனவே சாதாரண எக்ஸ்பாக்ஸ் வகை கேம்பேட் ஒன்று இருந்தது. கணினியில் ஸ்டீமைத் திறந்து, அந்த விளையாட்டின் Controller Layout பகுதிக்குப் போனால் எந்தப் பொத்தானையும் எந்த வேலைக்கும் மாற்றலாம். ஃபோர்ஸாவில் ஆக்ஸிலரேட்டர் வலது ட்ரிகரில் இருக்கும். அதை இடது பக்க LB-க்குக் கொண்டுவந்தேன். பிரேக் ஏற்கெனவே இடது ட்ரிகரில்தான். ஸ்டியரிங் இடது குச்சி. ஆக, ஒரே கையில் கார் ஓடத் தொடங்கிவிட்டது.

ஆனால் பந்தயம் முழுக்க ஆள்காட்டி விரல் LB-யை அழுத்திக்கொண்டே இருந்தால் விரல் மரத்துப்போகும். அதே பொத்தானின் அமைப்பில் Toggle என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒருமுறை தட்டினால் ஆக்ஸிலரேட்டர் அழுந்தியே இருக்கும், மறுபடி தட்டினால் விட்டுவிடும். இதில் ஒரு சிக்கல். ட்ரிகர் மெல்ல மெல்ல அழுந்தும், பொத்தானோ ஒன்று முழுசு, இல்லையென்றால் பூஜ்யம். ஆக்ஸிலரேட்டர் எப்போதும் முழுசாக விழுவதால் வளைவில் பின்சக்கரம் வழுக்கி வண்டி சுழலும். விளையாட்டின் அமைப்புகளில் ட்ராக்ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஏபிஎஸ் மூன்றையும் போட்டுவிடுங்கள். அதிலும் திணறினால், தனியாக விளையாடும்போது ஆட்டத்தின் வேகத்தையே குறைக்கும் வசதி ஃபோர்ஸாவில் உண்டு. அதைப் பயன்படுத்த யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கும் Accessibility பகுதியில் பொத்தான்களை மாற்றும் வசதி இருக்கிறது.

இதற்குப் பிறகும் எட்டாத வேலைகள் என்னென்ன என்று பார்த்துத்தான் ஸ்விட்ச் வாங்க வேண்டும். எனக்கு மிஞ்சியவை ஹேண்ட்பிரேக்கும், மோதிய வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் ரீவைண்டும். இரண்டுக்கும் முழங்கை போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்விட்ச் என்று பெயர் போட்டு விற்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருப்பது இரண்டு ஒயரும் அவற்றைத் தொடவைக்கும் ஒரு பொத்தானும்தான். வெளியே 3.5 மில்லிமீட்டர் பின், பழைய இயர்போனில் வருமே அதே அளவு. ஆகவே எலக்ட்ரிக் ரயிலில் எழும்பூர் போய், ரிச்சி தெருவில் ஆர்கேட் பொத்தான், மைக்ரோ ஸ்விட்ச், பின், ஒயர் எல்லாம் வாங்கிக்கொண்டேன். பின் விஷயத்தில் மட்டும் கவனம்.

"அண்ணே, மோனோ பின் இருக்கா?"

"எல்லாரும் ஸ்டீரியோதான் சார் வாங்குறாங்க. அதுலயே வேலை ஆவும்."

அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. மைக்ரோ ஸ்விட்சில் மூன்று கால்கள் இருக்கும்: COM, NO, NC. ஒயரை COM-இலும் NO-விலும் பற்றவைக்க வேண்டும். தவறி NC-யில் வைத்தால், கையே வைக்காமல் விளையாட்டு பொத்தான் அழுந்தியிருப்பதாக நினைக்கும், அழுத்தினால் விட்டுவிடும். இப்படித் தலைகீழாக நடந்தால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்காமல் முதலில் அந்தக் காலைப் பாருங்கள். பொத்தான் கனமாக இருக்கிறதா? சில ஆர்கேட் பொத்தான்களில் உள்ளே தனி ஸ்பிரிங் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் மைக்ரோ ஸ்விட்சின் சொந்த விசை மட்டும் மிஞ்சும். மெலிந்த கைக்கு அது பெரிய வித்தியாசம். சாலிடரிங் தெரியாதவர்கள் பக்கத்து மொபைல் ரிப்பேர் கடையில் கேட்டால் செய்துகொடுப்பார்கள்.

ஸ்விட்ச் மேசையில் நகர்ந்துகொண்டே இருந்தால் எவ்வளவு நல்ல ஸ்விட்சும் வீண். என்னுடையது மரப்பலகையில் திருகி, அடியில் சமையலறை அலமாரிக்கு விரிக்கும் வழுக்காத விரிப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் பெட்டி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-இல் வந்தது. பின்புறம் 19 துளைகள், ஒவ்வொன்றும் ஒரு பொத்தானுக்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யுஎஸ்பி துளைகள், அவை ஜாய்ஸ்டிக்குகளுக்கு. விண்டோஸ் கணினியிலும் ஓடும். என் மாதிரி ஆளுக்கு இதுதான் தோது. ஏனென்றால் கையால் செய்த ஸ்விட்ச் நேராக இதில் செருகிக்கொள்ளும். சோனியின் ஆக்ஸஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது. குச்சியும் சுற்றிலும் பொத்தான்களுமாக அதுவே தயார்நிலையில் இருக்கிறது, வெளி ஸ்விட்சுக்கு 4 துளைகள்தான். விரல் அசைவு கொஞ்சம் இருப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் அது பிஎஸ்5-க்காகச் செய்யப்பட்டது. கணினிக்கென்று வாங்கி ஏமாறாதீர்கள். 2019-இல் லாஜிடெக் வெளியிட்ட ஸ்விட்ச் தொகுப்பும் உண்டு. ரிச்சி தெருவுக்கு அலைய முடியாதவர்களுக்கு அது பொருந்தும்.

அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் பெட்டி 100 டாலருக்கு அறிமுகமானது. இங்கே ஆன்லைனில் விற்பவருக்கு விற்பவர் விலை மாறும். விலையைப் பார்க்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: வாரன்டி இந்தியாவில் செல்லுமா, எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், கூடவே ஜாய்ஸ்டிக் தருகிறார்களா. அந்தப் பெட்டியில் ஸ்விட்சும் ஜாய்ஸ்டிக்கும் வராது. சேர்த்து விற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த மாடல் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கும் முன் கையால் தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள் மெரினா எதிரே, லேடி வெலிங்டன் வளாகத்தில் 2022-இல் திறந்த மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் போகலாம். வித்யாசாகர் அமைப்பும் தமிழக அரசும் சேர்ந்து அமைத்தது. துணைக்கருவிகளைக் காட்டவும் தொட்டுப் பார்க்க வைக்கவும்தான் அந்த இடம்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். பிறகு கணினியில் Windows சாவியையும் R-ஐயும் அழுத்தி, இதை அடியுங்கள்:

```
joy.cpl
```

திறக்கும் சாளரத்தில் கன்ட்ரோலரைத் தேர்ந்து Properties-ஐ அழுத்தினால், பெரும்பாலான பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று அங்கே தெரியும். ஒரே ஸ்விட்சை 19 துளைகளிலும் ஒவ்வொன்றாகச் செருகி அழுத்திப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு செத்த துளையைக் கண்டுபிடித்துப் புண்ணியமில்லை.