தெளிகருவிப் பற்றரியின் மின்னேற்றச் சுற்றும் கொள்ளளவுக் குறைவும்

முதுகிற் சுமந்து மருந்து தெளிக்கும் மின் தெளிகருவிகள் பலவற்றில் 12 வோற்று, 8 அம்பியர் மணி அளவுடைய மூடிய ஈயவமிலப் பற்றரி பொருத்தப்பட்டுள்ளது. இது பருவந்தோறும் சிறிது சிறிதாகக் கொள்ளளவை இழக்கின்றது. இதனைக் கவனியாத கமக்காரர், கரைத்த மருந்து தாங்கியில் எஞ்சியிருக்க, தோட்டத்தின் நடுவே வேலையை நிறுத்த நேரிடும்.

சுற்றுக்களை எண்ணும் முறை

மின்னேற்றியை மாட்டிய தடவைகள் எல்லாம் சுற்றுக்கள் ஆகா. பற்றரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின் செலவாகி, மீண்டும் ஏற்றப்படுவதே ஒரு முழுச் சுற்றாகும். புதுப் பற்றரி ஒன்று ஒரு முழு மின்னேற்றத்தில் 20 தாங்கி தெளிக்கின்றது எனக் கொள்வோம். திங்களன்று 10 தாங்கியும், வியாழனன்று 5 தாங்கியும், சனியன்று 5 தாங்கியும் தெளித்து, ஒவ்வொரு நாளும் மின்னேற்றினால், மின்னேற்றியை மாட்டியது மூன்று தடவை. கழிந்த சுற்றோ ஒன்றே.

ஆகவே, முற்றாக இறங்கிய பின்னரே மின்னேற்றுதல் சிக்கனம் என்பது தவறு. அதனாற் சுற்றுக்கள் குறைவதில்லை. ஆழமாக இறங்குதல் இப்பற்றரிக்குக் கேடாகும்.

சில ஆண்டுகளிற் காணும் குறைவு

மேற்கூறிய பற்றரி ஆண்டில் 26 வாரம், வாரத்துக்கு ஒரு சுற்றாகப் பயன்படுவதாயின், மூன்று ஆண்டுகளில் 78 சுற்றுக்களே கழியும். அதன் குறிப்பு பின்வருமாறு அமையலாம்:

புதிதில் — 20 தாங்கி
ஓராண்டின் பின் — 18 தாங்கி
ஈராண்டின் பின் — 16 தாங்கி
மூவாண்டின் பின் — 11 தாங்கி

குறைவு முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் நிகழ்வதைக் காண்க. இவ்வகைப் பற்றரி முற்றாக இறக்கி ஏற்றப்படினும் ஏறத்தாழ 200 சுற்றுக்கள் உழைக்கக் கூடியது. எனவே 78 சுற்றுக்கள் மட்டும் இவ்வளவு குறைவுக்குக் காரணமாகா. வேலையற்ற மாதங்களில் பற்றரி அரைகுறை மின்னுடன் கிடந்தமையே பெரும்பாலும் காரணமாகும். அந்நிலையில் தகடுகளிற் படியும் ஈயச் சல்பேற்று கடினப் பளிங்காகி, மின்னேற்றத்தின்போது கரையாது நின்றுவிடுகின்றது. ஆதலால் முழுதாக மின்னேற்றிய பின்னரே நிழலான இடத்தில் வைத்தல் வேண்டும்; இரண்டு மாதத்துக்கொரு முறை மீண்டும் ஏற்றுதல் வேண்டும்.

குறைவை அறியும் வழி

தூர்ந்த குளமும் நிரம்பி வான் பாயும். ஆயினும் அதில் நிற்கும் நீர் குறைவு. அவ்வாறே கொள்ளளவு இழந்த பற்றரியும் மின்னேற்றியதும் வோற்றுமானியில் நிறைவையே காட்டலாம். மின்னேற்றியின் பச்சை விளக்கு முன்னரிலும் விரைவில் எரிவது ஓர் அறிகுறி.

சரியான சோதனை தெளித்துப் பார்த்தலே. பருவத் தொடக்கத்தில் பற்றரியை முழுதாக மின்னேற்றி, நன்கு கழுவிய தாங்கியில் வெறும் நீர் நிரப்பி, எப்போதும் ஒரே தெளிமுனையைக் கொண்டு தெளிக்க. பம்பி தளரத் தொடங்கியவுடன் நிறுத்தி, தெளித்த தாங்கிகளின் தொகையைத் திகதியுடன் குறித்து, உடனே மின்னேற்றுக. தொகை புதிதில் இருந்ததில் 100க்கு 60 ஆகக் குறைந்தால், பருவ வேலை தொடங்குமுன் பற்றரியை மாற்றுதல் நன்று. பழைய பற்றரியில் ஈயமும் அமிலமும் இருத்தலால், அதனை வயலிலோ கிணற்றருகிலோ எறியாது, பற்றரி சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.