வரவேற்புரையைத் தமிழாக்கும் மகளுக்கு

மகளே, பல்கலைக்கழக மாநாட்டின் வரவேற்புரை ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, தமிழாக்கித் தரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வரவேற்புக் குழுத் தலைவர் வாசிக்கப்போகிறார். மேடையில் அமைச்சரும் துணைவேந்தரும் இருப்பார்கள். எதிரே இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த பேராளர்கள். இந்த வேலையிலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. அகராதியை எடுக்குமுன் தொலைபேசியை எடு. ஆங்கிலப் பிரதியில் ‘டாக்டர்’ என்று ஒரே சொல் இருக்கும். ஆய்வுப் பட்டம் பெற்றவர் தமிழில் முனைவர், வைத்தியம் பார்ப்பவர் மருத்துவர். யார் எது என்று பிரதி சொல்லாது, கேட்டால்தான் தெரியும். பெயரும் அப்படியே. ஆங்கில எழுத்தைப் பார்த்து லகரமா, ளகரமா, ழகரமா என்று ஊகிக்காதே. தலைப்பெழுத்து ‘எஸ்’ என்றிருந்தால் அது சு., செ., ச. என எதுவாகவும் இருக்கலாம். ‘எஸ்.’ என்றே எழுதிப் பழகியவரும் உண்டு. அவர் விருப்பப்படியே விட்டுவிடு. மலேசியத் தமிழர் சிலரின் பெயருக்கு நடுவே ‘ஏ/எல்’ என்று இருக்கும். அது தலைப்பெழுத்தல்ல; மலாய் மொழியில் ‘இன்னாரின் மகன்’ என்பதன் சுருக்கம். ‘ஏ/பி’ என்றால் மகள். ஒரு கருத்தரங்கில் அதை அப்படியே ‘ஏ எல்’ என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அந்தப் பெரியவர் தம்மைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்கையிலேயே இருந்தார். ஒருவர் பெயரைச் சரியாகச் சொல்வதைவிடப் பெரிய வரவேற்பு ஒன்றும் கிடையாது.

2. அடைமொழியில் தாராளம் காட்டாதே. சரியானதை ஒன்று மட்டும் வை. அமைச்சருக்கு மாண்புமிகு. நீதிபதி வந்தால் மாண்பமை நீதியரசர். சைவ மடத்துத் தலைவருக்குத் தவத்திரு, கத்தோலிக்கக் குருவுக்கு அருட்தந்தை. ஆளுநருக்கு முன்பெல்லாம் ‘மேதகு’ என்று எழுதுவோம். 2012-இல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது, உள்நாட்டு நிகழ்ச்சிகளில் அதற்கு மூலமான பழைய ஆங்கில மரியாதைச் சொல் வேண்டாம் என்று மரபை மாற்றினார்கள். ஆகவே இப்போது ஆளுநரும் மாண்புமிகுதான். மேதகுவை அயல்நாட்டுத் தூதருக்கு வைத்துக்கொள். இலங்கை அமைச்சரை அவர்கள் நாட்டு வழக்கப்படி ‘கௌரவ’ என்று அழைத்தால் மகிழ்வார்கள். டத்தோ, டான் ஸ்ரீ போன்ற மலேசிய விருதுப் பெயர்களை மொழிபெயர்க்காமல் பெயருக்கு முன்னால் அப்படியே எழுது. நம் பத்ம விருதுகள் அப்படியல்ல. அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ பட்டமாகச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘பத்மஸ்ரீ இன்னார்’ என்று பிரதியில் இருந்தாலும் நீ ‘பத்மஸ்ரீ விருது பெற்ற’ என்று எழுது. ‘திரு. முனைவர்’ என்று இரண்டையும் அடுக்காதே. அடைமொழி கூடினால் அன்பு கூடிவிடாது.

3. எல்லாருக்கும் ஒரே மரியாதை கொடு. ஆங்கில வினைச்சொல் மரியாதைக்கேற்ப மாறாது. தமிழில் ‘வந்திருக்கிறார்’ என்றும் சொல்லலாம், ‘வந்திருக்கிறார்கள்’ என்றும் சொல்லலாம். அமைச்சருக்கு ‘கள்’ போட்டுவிட்டு, அடுத்த வரியில் இளம் ஆய்வாளருக்கு அதை எடுத்துவிட்டால் அவை உடனே கவனிக்கும். முழுதும் எழுதி முடித்தபின் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வா. உன்னை அறியாமல் நீ யாரைத் தாழ்வாக எண்ணினாய் என்பது அங்கே தெரிந்துவிடும். அதைத் திருத்தும்போது உரையோடு நீயும் திருந்துவாய்.

4. ‘நாங்கள்’ யார், ‘நாம்’ யார் என்பதை வரிக்கு வரி கேள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். வரவேற்பவர் ‘நாங்கள்’, வந்தவர் அதில் சேரமாட்டார். ‘உங்களை நாம் வரவேற்கிறோம்’ என்று எழுதினால் விருந்தினர் தம்மைத் தாமே வரவேற்றுக்கொள்வதாக ஆகிவிடும். ஆனால் ‘இந்த மூன்று நாளும் நாம் கூடி ஆராய்வோம்’ என்னும் இடத்தில் ‘நாங்கள்’ என்று போட்டாயோ, வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாய். நல்ல வரவேற்புரை ‘நாங்கள்’ என்று தொடங்கி, ‘நம் மாநாடு’ என்று சொல்லும் இடத்துக்கு மெல்ல வந்து சேரும். எந்த வரியில் மாறுகிறது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

5. நீண்ட வாக்கியத்தை உடைக்கப் பயப்படாதே. நீ அனுப்பிய பிரதியின் மூன்றாம் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். உடைக்காமல் ஒரே வாக்கியமாகத் தமிழாக்கினால் இப்படி வரும்: ‘தமது பல்வேறு பணிகளுக்கு மத்தியிலும் இம்மாநாட்டைத் தொடங்கி வைக்க அன்புகூர்ந்து இசைந்துள்ள எங்கள் பல்கலைக்கழகத்தின் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு எனது வெதுவெதுப்பான வரவேற்பினைத் தெரிவித்துக்கொள்வதில் நான் பெருமிதம் அடைகிறேன்.’ பிழை என்று சொல்ல ஒரு சொல்தான் உண்டு, அந்த வெதுவெதுப்பு. குளிர்நாட்டில் அது இதம். நமக்கு ஆறிப்போன காபி. ஆனால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். யாரைச் சொல்கிறார் என்று தெரிய அவை பாதி வாக்கியம் காத்திருக்கும். இப்படி மாற்றிப் பார்: ‘மாநாட்டைத் தொடங்கி வைக்க எங்கள் துணைவேந்தர் அவர்கள் வந்திருக்கிறார்கள். பணிகள் எத்தனையோ இருக்க, எங்கள் அழைப்பை ஏற்றார்கள். அவர்களை வருக வருக என்று வரவேற்கிறோம்.’ மூன்று வாக்கியங்கள். கடைசி வினையில் கைதட்டல் தானாக விழும். ஆனால் எல்லாருக்கும் ‘வருக வருக’ போட்டால் ஓசை தேய்ந்துவிடும். ஒருவருக்கு ‘மனமார வரவேற்கிறோம்’, மற்றவருக்கு ‘வணங்கி வரவேற்கிறோம்’ என்று மாற்றிக்கொள்.

6. விளிப்பதையும் வரவேற்பதையும் கலக்காதே. தொடக்கத்தில் ‘தலைவர் அவர்களே, அமைச்சர் அவர்களே, பேராளப் பெருமக்களே’ என்று சுருக்கமாக விளித்து, வணக்கம் சொல்லி முடித்துவிடு. பிறகு ஒவ்வொருவராக ‘அவர்களை’ என்று வரவேற்கலாம். வரிசையை நீ மாற்றாதே, அழைப்பிதழில் உள்ளபடியே வை. அழைப்பிதழில் ‘தொடக்கவுரை’, ‘மையவுரை’ என்று அச்சிட்டிருந்தால் நீயும் அந்தச் சொற்களையே எழுது. உனக்கு வேறு நல்ல சொல் பிடித்திருக்கலாம். அதற்கு இது இடமில்லை. பேசப்போவது நீயல்ல, குழுத் தலைவர். அவர் வாயில் வராத சொல் எவ்வளவு அழகானாலும் எடுத்துவிடு.

7. ஒவ்வொருவருக்கும் தனிப் பத்தி ஒதுக்கு. கடைசி நேரத்தில் அமைச்சர் வர முடியாமல் போகலாம். முன்பு ஒரு மேடையில், ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தபடி ‘இங்கே வீற்றிருக்கும்’ என்று வாசித்தார் ஒருவர். அவர்மேல் குற்றமில்லை, நான்கு பேரை ஒரே வாக்கியத்தில் பின்னிக் கொடுத்திருந்தார்கள், நடுவிலிருந்து ஒருவரை உருவ வழியில்லை. தனிப் பத்தியாக இருந்தால் ஒரு கோடு போதும். வராதவர் வாழ்த்து அனுப்பியிருந்தால் சொல்ல, மாற்று வரி ஒன்றையும் கீழே எழுதி வை.

8. எழுதியதை உரக்க வாசித்து நேரம் பார். பிறகு பெரிய எழுத்தில் அச்சிட்டு, முந்தின நாளே அவர் கையில் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல். அவர் தடுமாறும் இடமெல்லாம் நீ திருத்த வேண்டிய இடம்.

உன் பிரதியில் மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். நாளைக் காலையில் அவர்களோடு பேசிவிட்டு எனக்கு எழுது.